ஐம்பதாம் நாள் பதினான்கு லிட்டர், அப்புறம்?

எங்கள் கொட்டகைத் தூணில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ராகு காலம் பார்க்க அல்ல, கருப்பியின் பால் கணக்கு எழுத. பத்து நாளைக்கு ஒருமுறை காலையும் மாலையும் கறந்த பாலை வாளியோடு தொங்கு தராசில் மாட்டி, வாளி எடையைக் கழித்து, அந்தத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் குறிப்போம். அதிகாலை ஐந்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் கறப்பதால், இரவின் பதினான்கு மணி நேரம் காலைப் பாலில் தெரியும். அதனால் ஒரு வேளைப் பாலை இரண்டால் பெருக்கினால் கணக்கு தப்பும். இரண்டு வேளையும் நிறுத்தே ஆக வேண்டும்.

சொசைட்டி அட்டை போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதில் இருப்பது ஊற்றிய பால். வீட்டுக்கு எடுத்தது, எதிர் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தது, கன்று குடித்தது எதுவும் அதில் இல்லை. புதுச்சேரிப் பக்கம் பாண்லேக்கு ஊற்றினாலும் கடலூர்ப் பக்கம் ஆவினுக்கு ஊற்றினாலும் இது ஒன்றுதான். நிறுக்கும் நாளிலாவது கன்றைக் கறவைக்கு முன் ஒரு நிமிடம் மட்டும் விட்டு, மடி இறங்கியதும் பிடித்துக் கட்டி, அதன் பங்கைத் தனியாகக் கறந்து கொடுக்க வேண்டும்.

கருப்பி ஹோல்ஸ்டீன் கலப்பினம், சுமார் 400 கிலோ. மூன்றாம் ஈற்றுக் கணக்கும் இப்போது ஓடும் நான்காம் ஈற்றுக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மாடு ஒன்றுதான், கோடு இரண்டு.

மூன்றாம் ஈற்றில் அக்டோபர் 30 அன்று கன்று போட்டாள். பத்தாம் நாள் 10 லிட்டர், இருபதாம் நாள் 12. முப்பதாம் நாளும் 12தான். நாற்பதில் 11, அறுபதில் ஒன்பதரை, தொண்ணூறில் 8. கன்று போட்டு 110 நாள் கழித்துத்தான் பருவத்துக்கு வந்தது கண்ணில் பட்டது. மூன்றாவது ஊசியில், 152ஆம் நாள், மார்ச் 31இல் சினை பிடித்தது.

நான்காம் ஈற்றுக்கு ஜனவரி 5. பத்தாம் நாள் ஒரு சறுக்கல். அதை அப்புறம் சொல்கிறேன். இருபதாம் நாள் பதினொன்றரை, முப்பதில் பன்னிரண்டரை, நாற்பதில் பதின்மூன்றரை, ஐம்பதாம் நாள் 14. அறுபதாம் நாள் மறுபடி பதின்மூன்றரை. 14தான் உச்சம்.

மாடு கன்று போட்ட நாளிலிருந்து பால் வற்றும்வரை தினப்பாலை வரைந்தால் எல்லா மாட்டுக்கும் ஒரே சாயலில் ஒரு கோடு வரும். வேகமாக ஏறி, நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு எட்டு மாதம் சாய்ந்துகொண்டே போகும். 1967இல் வுட் என்பவர் இந்த வடிவத்தை ஒரே ஒரு சமன்பாட்டில் எழுதினார். இன்றும் கறவை ஆய்வுகளில் அது புழங்குகிறது. நமக்கு அந்தச் சமன்பாடு வேண்டாம். இரண்டு விஷயம் போதும்: உச்சம் எவ்வளவு உயரம், அதற்கப்புறம் சரிவு எவ்வளவு செங்குத்து. சரிவின் சாய்வைத்தான் பால் நிலைப்பு என்கிறார்கள். இந்த மாதச் சராசரியைப் போன மாதச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் வந்துவிடும். தொண்ணூறுக்கு மேல் நின்றால் நல்ல மாடு, நல்ல பராமரிப்பு. கருப்பிக்கு மூன்றாம் ஈற்றில் இரண்டாம் மாதத்திலிருந்து மூன்றாம் மாதத்துக்கு வந்தது 86. இந்த முறை 93.

ஏழு புள்ளி வித்தியாசம் பார்வைக்குச் சிறிது. அதைவிடக் குறைந்த வித்தியாசத்தையே கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மாதச் சராசரி 11, இரண்டாம் மாதம் 13.5 என்று இரண்டு மாடுகள். ஒன்று அதன்பின் மாதாமாதம் 93 சதவீதமாக இறங்குகிறது, மற்றது 88 சதவீதமாக. பத்து மாத முடிவில் முதல் மாடு ஏறக்குறைய 3,100 லிட்டர் கறந்திருக்கும், இரண்டாவது 2,640. உச்சம் ஒன்றாக இருந்தும் 460 லிட்டருக்கு மேல் வித்தியாசம். லிட்டருக்கு 30 ரூபாய் என்றே வைத்தாலும் பதினான்காயிரம் ரூபாய். சந்தையில் மாடு வாங்கும்போது “இப்போ எவ்வளவு கறக்குது” என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இந்தப் பதினான்காயிரத்தைக் கேட்காமலே வருகிறார்கள்.

உச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. உச்சப் பாலை 200 முதல் 220 வரை பெருக்கினால் அந்த ஈற்றின் மொத்தப் பால் ஓரளவு பிடிபடும். உச்சத்தில் ஒரு லிட்டர் போனால் ஈற்று முழுவதும் சேர்த்து 200 லிட்டர் போகும். அந்த ஒரு லிட்டரைப் பின்னால் தீவனம் கொட்டி எடுத்துவிட முடியாதா? முடியாது. கன்று போட்ட முதல் வாரங்களில் பால் ஏறுவது, மடியில் பால் சுரக்கும் செல் ஒவ்வொன்றும் கூடுதலாக வேலை செய்வதால். உச்சத்துக்குப் பிறகு பால் இறங்குவது அந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அழிவதால். அழிந்தவை பெருமளவுக்கு அடுத்த சினையில் மடி மறுபடி கட்டும்போதுதான் ஈடாகும். ஆக முதல் ஐம்பது நாளில் மாட்டைப் பட்டினி போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் புண்ணாக்கு மூட்டை இறக்கினால் சரிவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், உச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

“பட்டினியா? நான் எங்கே பட்டினி போட்டேன்?” என்றுதான் நானும் கேட்டேன். மூன்றாம் ஈற்றில் எங்கள் வழக்கம் எல்லோருக்கும் உள்ள வழக்கமே: இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம், உடம்புக்கென்று மேலே ஒரு கிலோ. பால் ஏற ஏறத் தீவனத்தை ஏற்றினோம். கணக்கில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. தீவனம் பாலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கன்று போட்ட மாட்டுக்குப் பால் உச்சம் ஆறாம் ஏழாம் வாரத்தில் வருகிறது. வயிற்றுப் பசி உச்சம் பத்து முதல் பதினான்காம் வாரத்தில்தான் வருகிறது. சினையின் கடைசியில் ஒடுங்கியிருந்த தின்னும் அளவு, கன்று போட்டபின் மெல்ல மெல்லத்தான் கூடும். இடைப்பட்ட அந்த ஒரு மாதம் மடி கேட்பதை வாய் கொடுக்காது. பற்றாக்குறையை மாடு தன் முதுகுக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டும். ஒரு கிலோ உடல் எடை கரைந்தால் ஆறு, ஆறரை லிட்டர் பாலுக்கான சத்து கிடைக்கும். 30 கிலோ கரைந்தால் ஏறக்குறைய 200 லிட்டர். இது இயற்கையான ஏற்பாடுதான், கொஞ்சம் கரைவதில் கேடில்லை. ஆனால் கரைக்கக் கொழுப்பு இல்லாமல் கன்று போட்ட மாடு, அல்லது அளவு மீறிக் கரைத்துவிட்ட மாடு, முதலில் உச்சத்தை விட்டுவிடும், அடுத்துப் பருவத்தை விட்டுவிடும். கருப்பியின் பழைய கணக்கு அதைத்தான் சொல்கிறது: இருபதாம் நாளே நின்றுபோன உச்சம், நேராக விழுந்த சரிவு, 110 நாள் வராத பருவம். மூன்றும் தனித்தனிக் குறைகள் என்று நினைத்து மூன்று வைத்தியம் பார்த்தோம். வேர் ஒன்றுதான்.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. பசுந்தீவனத் துண்டில் தண்ணீர் நின்றது, அறுக்க முடியவில்லை. வைக்கோலும் கரும்புத் தோகையும்தான். நெல்லிக்குப்பம் ஆலை ஓட ஆரம்பித்ததும் இந்தப் பக்கம் தோகை சும்மாவே கிடைக்கும், யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. வயிறு நிறைந்து மாடு அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். வயிற்றில் இடத்தை அது பிடித்துக்கொண்டதால் நல்ல தீவனம் உள்ளே போக இடமில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. மணிலாக் கொடி நாலு கட்டு கலந்திருந்தாலே பாதி குறை தீர்ந்திருக்கும்.

நான்காம் ஈற்றில் வரிசையை மாற்றினோம். கன்று போட மூன்று வாரம் இருக்கும்போதே தினம் அரைக் கிலோ அடர்தீவனத்தில் ஆரம்பித்து, கன்று போடும் நாளுக்குள் இரண்டரைக் கிலோ வரை கொண்டுவந்தோம். மாட்டைக் கொழுக்க வைக்க அல்ல. வயிற்று நுண்ணுயிர்கள் அந்தத் தீவனத்துக்குப் பழக வேண்டும், அதற்காக. கன்று போட்ட மூன்றாம் நாள் மூன்று கிலோ. அதிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை அரைக் கிலோ ஏற்றம். 21ஆம் நாள் ஆறு கிலோ. அன்றைய பால் பதினொன்றரை லிட்டர். வழக்கக் கணக்குப்படி ஐந்து கிலோ 600 கிராம் வரும். நானூறு கிராம் முன்னால் ஓடினோம். நான்காம் வாரத்தில் ஆறரை கிலோ. அதற்குமேல் ஏற்றிப் பார்த்தோம், ஒரு வாரம் ஆகியும் பால் அசையவில்லை. சரி, அதுதான் அவள் எல்லை என்று ஆறரைக்கே திரும்பினோம். கூடவே கம்பு நேப்பியர் புல் 25 கிலோ, வைக்கோல் மூன்று நான்கு கிலோ, தாது உப்பு.

முன்னால் ஓடுவதிலும் ஆபத்து உண்டு. அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டினால் வயிறு புளிக்கும். ஆறரை கிலோவை நான்காகப் பிரித்து, எந்த வேளையும் இரண்டு கிலோவைத் தாண்டாமல் வைத்தோம். சாணம் நீர்த்து, நுரையோடு, அரைபடாத தவிடும் சோளக் குருணையுமாக வந்தால் நிறுத்து என்று அர்த்தம். சொசைட்டியில் கொழுப்பு திடீரென்று இறங்கினாலும் அதே அர்த்தம் இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று சொல்லக் காரணம், பால் உச்சத்துக்கு ஏறும்போது கொழுப்புச் சதவீதம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்துப் பதறித் தீவனத்தை மாற்றுகிறவர்கள் ஏராளம். மாடு நன்றாகத் தின்று, சாணம் கெட்டியாக விழுந்தால் விட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, முதல் மாதத்தில் பால் குறைந்துகொண்டே வரும்போது கொழுப்பு மட்டும் வழக்கத்துக்கு மேல் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். முதுகுக் கொழுப்பு மிதமிஞ்சிக் கரைகிறது. மூச்சில் அழுகிய பழம் போல இனிப்பு வாடை வந்தால், அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடித்தால், அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இப்போது அந்தப் பத்தாம் நாள் சறுக்கல். ஜனவரி 5க்குப் பத்தாம் நாள் மாட்டுப் பொங்கல். கழுத்தில் மாலை, கொம்பில் வண்ணம், வாழை இலையில் பொங்கல். வீட்டில் ஊட்டியது ஒரு கைப்பிடிதான். மதியம் அக்கம்பக்கத்தில் இருந்து ஆளுக்கு ஒரு இலை கொண்டுவந்து அன்பாக ஊட்டியது எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் அசைபோடவில்லை, இடதுபக்க வயிறு கல்லாக இருந்தது. மறுநாள் இரண்டு வேளையும் சேர்த்து ஆறு லிட்டர். மருத்துவர் வந்து பார்த்துச் சரியாக மூன்று நாள் ஆனது. கோட்டில் ஒரு பள்ளம் விழுந்து, பிறகு பழைய பாதையிலேயே ஏறியது. கணக்கு எழுதுவதில் கிடைக்கும் லாபம் இது: ஒரு நாள் நிகழ்ச்சி கோட்டில் பள்ளமாகத் தெரியும், இரு பக்கமும் கோடு ஒரே பாதையில் இருக்கும். தீவனக் குறை பள்ளமாகத் தெரியாது, சாய்வே மாறும். பால் சட்டென்று ஒரு படி இறங்கி, அங்கேயே தங்கிவிட்டால் மடியைப் பார்க்க வேண்டும். நான்கு காம்பிலும் தனித்தனியாகக் கறந்து ஒப்பிட்டால், வெளியே வீக்கமோ திரியோ இல்லாத மடிநோயைக்கூட ஒரு காம்பின் குறைவு காட்டிக்கொடுக்கும்.

உச்சம் தாண்டியதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். பால் அரை லிட்டர் குறைந்ததும் தீவனத்தில் அரைக் கிலோ கை வைப்போம். அது குறைந்ததால் பால் இன்னும் குறையும், அதைப் பார்த்து மறுபடி குறைப்போம். மூன்றாம் ஈற்றில் அந்த 86 வந்ததில் பாதி எங்கள் கைவேலை. இந்த முறை 80ஆம் நாள் வரை ஆறரை கிலோவை அசைக்கவில்லை. பால் அப்போது பன்னிரண்டரைக்கு வந்திருந்தது. பசி உச்சத்தில் இருக்கும் நேரம் அது. பாலுக்குப் போக மிஞ்சியதைக் கரைந்த உடம்பு வாங்கிக்கொள்ளும். அதன்பிறகு பால் ஒன்றேகால் லிட்டர் குறைந்தால் அரைக் கிலோ குறைப்பு, அதுவும் இரண்டு வாரம் பொறுத்து.

உடம்பு திரும்புவதைக் கண்ணால் மட்டும் நம்பாமல் அளந்தோம். தையல் டேப் 150 சென்டிமீட்டர்தான், மாட்டு நெஞ்சைச் சுற்றாது. ஒரு கயிற்றை முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றி, முடிச்சிட்டு, தரையில் நீட்டி அளந்தோம். கன்று போட்டதும் 172. நாற்பதாம் நாள் 167. ஐம்பத்தைந்தாம் நாளும் 167. எழுபத்தைந்தாம் நாள் 168.5. இறக்கம் நின்று ஏற ஆரம்பித்த அந்த இடம்தான் எனக்குச் சினை ஊசிக்கான அடையாளம்.

பருவம் அதற்கு முன்பே வந்துவிட்டது. பிப்ரவரி 10, மார்ச் 3 என்று 21 நாள் இடைவெளியில் இரண்டு தடவை. இரண்டையும் குறித்துவிட்டு ஊசி போடாமல் விட்டோம். முதலாவது 36ஆம் நாள், கருப்பை இன்னும் தேறியிருக்காது. இரண்டாவது 57ஆம் நாள். அறுபதுக்கு மூன்று நாள்தான் குறைவு, போட்டிருக்கலாம் என்று பால் ஊற்ற வந்த பெரியவர் ஒருவர் கடிந்துகொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்போதுதான் உச்சம் தாண்டியிருந்தது, கயிறு இன்னும் 167லேயே நின்றது. அடுத்தது மார்ச் 24 என்று தெரிந்ததால் காத்திருந்தோம். அன்று மாலை, ஐந்தரை லிட்டர் வர வேண்டிய வேளையில் நாலேகால்தான் வந்தது. கத்தல் பெரிதாக இல்லை. வாலைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடிபோல் வழும்பு, அறுபடாமல் முழங்கால்வரை தொங்கியது. மாலையில் கண்டால் மறுநாள் காலை, காலையில் கண்டால் அன்று மாலை என்பது ஊசிக்கான கணக்கு. 25ஆம் தேதி காலை போட்டது தங்கியது.

எல்லா மாட்டுக்கும் அறுபதாம் நாள் ஊசி என்று அடிக்கிற ஒரே சட்டத்தை நான் ஏற்பதில்லை. அறுபதுக்கு முன்னால் வேண்டாம், அது சரி. அதற்கப்புறம் எவ்வளவு பொறுக்கலாம் என்பதை அந்த மாட்டின் சரிவே சொல்லும். மாதம் 93 சதவீதம் நிற்கும் மாடு பத்தாம் மாதத்திலும் ஏழரை லிட்டர் கறக்கும். அதற்கு ஒரு பருவம் தள்ளிப்போனால் பெரிய நட்டமில்லை. 86க்கு விழும் மாடு அதே பத்தாம் மாதத்தில் நான்கு லிட்டர்தான் கறக்கும், தின்னும் தீவனத்துக்கே கட்டாது. ஆகவே சீக்கிரம் வற்றும் மாட்டைத்தான் விரைவாகச் சினையாக்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், தீவனக் குறையால் வற்றும் மாடு பருவத்துக்கும் வராது. கருப்பிக்கு மூன்றாம் ஈற்றில் நடந்தது அதுவே: கன்றுக்கும் கன்றுக்கும் 432 நாள், அதில் கடைசி நான்கைந்து மாதம் பெயருக்குக் கறவை.

நம் பக்கம் இன்னொரு கணக்கும் சேரும். சித்திரை கடைசியில் அக்னி நட்சத்திரம் பிறந்தால் மாடு இளைக்கும், பருவம் மங்கும், ஊசி தங்குவது குறையும். மார்கழியில் கன்று போட்ட மாட்டுக்கு மாசி, பங்குனி போனால் அப்புறம் ஆடிவரை காத்திருக்க வேண்டி வரலாம். கருப்பியின் பாலிலும் அந்த வெயில் விழுந்திருக்கிறது. நான்காம் மாதச் சராசரி 11.7, ஐந்தாம் மாதம் 10.6, நிலைப்பு 91க்கு இறங்கியது. ஆறாம் மாதம் 10, மறுபடி 94. தீவனத்தை மாற்றவில்லை, தீவனம் வைக்கும் நேரத்தை மட்டும் அதிகாலைக்கும் இரவுக்கும் தள்ளினோம்.

தலை ஈற்றுக் கிடாரிக்கு மட்டும் இந்த அளவுகோல் பொருந்தாது. அதன் உச்சம் வளர்ந்த மாட்டில் முக்கால் பங்குதான் இருக்கும், ஆனால் சரிவு மெதுவாக இருக்கும். உச்சம் குறைவு என்று விற்றுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு. அது இன்னும் வளர்கிற மாடு என்பதால் பால் கணக்குக்கு மேல் ஒரு கிலோ தீவனம் கூடுதலாக வைக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் மருத்துவர் கைவிட்டுப் பார்த்து மூன்று மாதச் சினை என்று உறுதி செய்தார். ஆகஸ்ட் கடைசியில் சினை ஐந்து மாதத்தைத் தாண்டும். அப்போது வளரும் கன்று தன் பங்கை எடுக்கும், சரிவு செங்குத்தாகும். அந்த இறக்கத்தைத் தீவனக் குறை என்று எண்ணித் துரத்தப் போவதில்லை. கறவையில் இருக்கும்போதே உடம்பு தேற்றினால் அதே தீவனத்துக்குக் கூடுதல் சதை பிடிக்கும், வற்றிய பிறகு தேற்றுவது செலவு அதிகம். அதனால் கடைசி மூன்று மாதம் பால் கணக்குக்கு மேல் ஒரு கிலோ வைப்போம், கயிறு 172க்குத் திரும்பும்வரை.

மார்ச் 25க்கு 280 நாள் கூட்டினால் டிசம்பர் 30. அதற்கு அறுபது நாள் முன்னால், அக்டோபர் 31 கட்டத்தில் ‘கறவை நிறுத்து’ என்று எழுதியாகிவிட்டது. மழை அப்போது உச்சத்தில் இருக்கும் என்பதால் தரைக்கு மணல் இறக்க ஆள் சொல்ல வேண்டும். டிசம்பர் 9 கட்டத்தில் ‘அரைக் கிலோ’ என்று எழுதி வைத்திருக்கிறோம். வரும் மாட்டுப் பொங்கல் கட்டத்தைச் சுற்றி என் மனைவி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார், பக்கத்தில் ‘கொட்டகைக்குப் பூட்டு’ என்று.